சீட் வாங்கியாச்சு, அனுமதி யார் தருவது?

எடுத்துக்காட்டுக்கு ஒரு மருந்து விநியோக நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் ஒன்று, கிளைகள் ஐந்து. எந்தக் கிளையில் எந்த மருந்து எவ்வளவு விற்றது, அதில் லாபம் எவ்வளவு நின்றது என்பதெல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ என்ற மென்பொருளில் படமாகவும் பட்டியலாகவும் வந்துவிடும். தென் கிளைக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்து சேர்கிறார். "மேடத்துக்கு பவர் பிஐ வேண்டும்" என்று கணினிப் பிரிவுக்கு மெயில் போகிறது. அன்று மாலையே "லைசென்ஸ் கொடுத்தாச்சு" என்று பதில் வருகிறது. மறுநாள் காலை அவர் app.powerbi.com முகவரிக்குப் போய் உள்ளே நுழைகிறார். My workspace என்று பெயரிட்ட வெற்றிடம் ஒன்று இருக்கிறது. விற்பனைக் கணக்கு எங்கும் இல்லை. மறுபடி மெயில் போகிறது. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று, லைசென்ஸ் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டோடு பதில் திரும்பி வருகிறது.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மேலாளரின் பெயரில் மாதாமாதம் பணம் கட்டும் லைசென்ஸ் ஒன்று பதிவாகிவிட்டது. அவரால் எதையும் பார்க்க முடியவில்லை என்பதும் பொய்யில்லை. ஆளுக்கொரு லைசென்ஸ் என்று விற்கும் மென்பொருள்கள் புழங்கும் எல்லா அலுவலகங்களிலும் இந்தக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. இரண்டு மூன்று நாள் வேலை கெடுவதோடு முடிந்தால் பரவாயில்லை. அவசரத்தில் யாராவது தவறான வழியில் இதைச் சரிசெய்துவிடுகிறார்கள். அதிலிருந்துதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. எப்படி என்பதை இதே மேலாளரின் கதையை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், லைசென்ஸ் எங்கே கொடுக்கப்படுகிறது? மைக்ரோசாஃப்ட் 365 நிர்வாகப் பக்கத்தில். அங்கே Users, அதற்குள் Active users, அதில் ஊழியரின் பெயர், பிறகு Licenses and apps. அந்தப் பட்டியலில் Power BI Pro என்ற வரிக்கு எதிரே டிக் போட்டு Save changes அழுத்தினால் முடிந்தது. நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் லைசென்ஸ்களில் ஒன்று இந்த ஆளின் பெயருக்குப் போகிறது. இதைத்தான் சீட் என்று சொல்கிறார்கள். பவர் பிஐ ப்ரோ சீட் ஒன்றின் பட்டியல் விலை மாதம் 10 டாலராக இருந்தது. 2025 ஏப்ரலில் 14 டாலர் ஆனது.

இந்த டிக் என்ன சொல்கிறது? "இந்த ஊழியர் ப்ரோ வசதிகளைப் பயன்படுத்துவதற்கான பணத்தை எங்கள் நிறுவனம் கட்டுகிறது" என்று மட்டும் சொல்கிறது. நிறுவனத்துக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் விஷயம் அது. அந்த நிறுவனத்துக்குள் எந்தக் கணக்கை யார் பார்க்கலாம் என்பது மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தென் கிளையின் மேலாளர் வட கிளையின் லாபத்தைப் பார்க்கலாமா என்று சென்னையிலோ சியாட்டில் பக்கத்திலோ உட்கார்ந்திருக்கும் மென்பொருள் விற்பனைக்காரர் முடிவு செய்ய முடியாது. ஓட்டுநர் உரிமம் கையில் இருப்பதாலேயே அடுத்தவர் வண்டியின் சாவி நம் கைக்கு வந்துவிடாது அல்லவா, அதுபோலத்தான் இது.

சாவியைத் தருவது வேறொரு பக்கம், வேறொரு ஆள். பவர் பிஐ-க்குள் ஒவ்வொரு குழுவும் தன் கணக்குகளை வைத்துக்கொள்ளும் இடத்துக்கு வொர்க்ஸ்பேஸ் என்று பெயர். விற்பனைக் கணக்கு இருக்கும் வொர்க்ஸ்பேஸைத் தலைமை அலுவலக நிதிப் பிரிவு நடத்துகிறது. அதன் பொறுப்பாளர் Manage access என்பதைத் திறந்து, மேலாளரின் மெயில் முகவரியைச் சேர்த்து, நான்கு ரோல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் அவை Viewer, Contributor, Member, Admin என்று இருக்கும். வியூவர் பார்க்கலாம், வடிகட்டலாம், ஆனால் எதையும் மாற்ற முடியாது. காண்ட்ரிபியூட்டர் புதிதாக ரிப்போர்ட் செய்யலாம், இருப்பதைத் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். மெம்பர் அதற்கும் மேலே, தனக்குச் சமமான அல்லது தனக்குக் கீழான ரோலில் பிறரைச் சேர்க்கலாம். அட்மின் வொர்க்ஸ்பேஸையே நீக்கலாம்.

கணினிப் பிரிவில் லைசென்ஸ் தரும் ஊழியருக்கு இந்த வொர்க்ஸ்பேஸ் கண்ணில்கூடப் படாது. நிதிப் பிரிவின் பொறுப்பாளருக்கோ லைசென்ஸ் பக்கத்துக்குள் நுழையவே வழி இருக்காது. ஒருவர் செய்து முடித்ததை மற்றவர் பார்க்க முடியாது என்பதால்தான் "எங்கள் பக்கம் சரி" என்ற பதில் இத்தனை உறுதியாக வருகிறது. சொல்பவர் தட்டிக்கழிக்கவில்லை. அவர் பார்க்கக்கூடிய பாதி சரியாகத்தான் இருக்கிறது.

லைசென்ஸ் பக்கத்திலேயே ரோலையும் சேர்த்து வைத்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம் என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் நடப்பதை யோசித்துப் பாருங்கள். ப்ரோ சீட் வாங்கிய அத்தனை பேருக்கும் எல்லாக் கணக்கும் திறந்துவிடும். சம்பளப் பட்டியல் இருக்கும் மனிதவளப் பிரிவின் வொர்க்ஸ்பேஸும் அதில் அடக்கம். யார் சம்பளத்தை யார் பார்ப்பது என்பதை லைசென்ஸ் கொள்முதல் செய்யும் ஆள் தீர்மானிப்பதாகிவிடும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது சரியான ஏற்பாடு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். குறை அந்த ஏற்பாட்டில் இல்லை. ஊழியரிடம் "லைசென்ஸ் கொடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லி, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று சொல்லாமல் விடுவதில் இருக்கிறது.

நம் மேலாளரிடம் திரும்புவோம். யாரோ விவரம் தெரிந்தவர் சொல்ல, நிதிப் பிரிவுக்கு மெயில் போட்டு வியூவர் ரோல் வாங்கிவிட்டார். இப்போது வொர்க்ஸ்பேஸ் தெரிகிறது, ரிப்போர்ட் திறக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டுக்குள் இருக்க வேண்டிய படங்கள் எதுவும் நிரம்பவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் தகவலை எடுக்க முடியவில்லை என்ற செய்திதான் நிற்கிறது.

காரணம் மூன்றாவதாக ஒரு பூட்டு. ஐந்து கிளைகளின் விற்பனையும் ஒரே தொகுப்பில்தான் இருக்கிறது. அதற்கு செமாண்டிக் மாடல் என்று பெயர். கிளைக்கு ஒரு ரிப்போர்ட் என்று ஐந்து செய்யாமல், ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து வரிகளை மறைக்கும் வசதி பவர் பிஐ-யில் உண்டு. வரி அளவிலான பாதுகாப்பு என்று இதைச் சொல்லலாம். ரிப்போர்ட்டைத் தயாரிப்பவர் தன் கணினியில் கிளைக்கு ஒரு விதி எழுதிவைப்பார். தென் கிளைக்கான விதி இவ்வளவுதான்:

```
[Branch] = "South"
```

விதியை எழுதிய பிறகு, எந்த ஊழியர் எந்த விதிக்குள் வருகிறார் என்பதை இணையப் பக்கத்தில் அந்த மாடலின் Security என்ற இடத்தில் பெயர் போட்டுச் சேர்க்க வேண்டும். மேலாளரின் பெயர் எந்த விதியிலும் சேரவில்லை. விதிகள் இருக்கின்றன, இவர் எதிலும் இல்லை. ஆகவே ஒரு வரியும் காட்டப்படவில்லை. அவசரப்பட்டு எல்லாவற்றையும் காட்டிவிடாமல், சந்தேகம் வந்தால் மூடிவைப்பதுதான் இந்த அமைப்பின் இயல்பு. நல்ல இயல்பு.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. இந்த விதிகளையும் பவர் பிஐ ரோல் என்றே அழைக்கிறது. அதை எழுதும் திரைக்கு Manage roles என்றுதான் பெயர். வொர்க்ஸ்பேஸ் ரோல் வேறு, இந்த ரோல் வேறு. "அவருக்கு ரோல் கொடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால், எந்த ரோல் என்று கேட்டே ஆக வேண்டும்.

பெயர் சேர்த்ததும் மேலாளருக்கு ரிப்போர்ட் நிரம்பிவிடுகிறது. தென் கிளையின் கணக்கு மட்டும் தெரிகிறது. லைசென்ஸ், வொர்க்ஸ்பேஸ் ரோல், வரி விதி என்று மூன்றும் மூன்று இடங்களில் சரியான பிறகுதான் ஒரு மனிதர் ஒரு ரிப்போர்ட்டைப் பார்க்க முடிந்திருக்கிறது.

இரண்டு வாரம் போகிறது. மேலாளருக்குத் தன் கிளையின் கடன் பாக்கியை மருந்துக் கடை வாரியாகப் பார்க்க ஆசை. தலைமை அலுவலக ரிப்போர்ட்டில் அப்படியொரு பக்கம் இல்லை. தானே ஒன்று செய்துகொள்ளலாம் என்று முயல்கிறார். புதிய ரிப்போர்ட் உருவாக்கும் வழி அவருக்குத் திறக்கவில்லை. "ப்ரோ லைசென்ஸ் இருந்தால் ரிப்போர்ட் செய்யலாம் என்றார்களே" என்று நிதிப் பிரிவுக்கு எழுதுகிறார். அவர் சொல்வது பாதி சரி. ப்ரோ வைத்திருப்பவர் தன் சொந்தத் தகவலைக் கொண்டு ரிப்போர்ட் செய்யலாம், பகிரலாம். நிதிப் பிரிவின் மாடலை அடிப்படையாக வைத்துச் செய்ய வேண்டுமானால் அந்த மாடலின்மேல் Build என்ற தனி அனுமதி வேண்டும். வியூவர் ரோலோடு அது தானாக வராது.

நிதிப் பிரிவின் பொறுப்பாளருக்கு அன்று மாதக் கடைசி வேலை. நான்கு ரோல்களில் அடுத்த படி காண்ட்ரிபியூட்டர், அவருக்கு ரிப்போர்ட் செய்ய முடியும் என்பது தெரியும். Manage access திறந்து வியூவரைக் காண்ட்ரிபியூட்டராக மாற்றிவிடுகிறார். அரை நிமிட வேலை. மேலாளருக்கு எல்லாம் திறந்துவிட்டது. நன்றி சொல்லி மெயிலும் வந்துவிட்டது.

அந்த அரை நிமிடத்தில் நடந்தது இது. வரி அளவிலான பாதுகாப்பு வியூவர் ரோலில் இருப்பவர்களுக்கு மட்டுமே செல்லும். காண்ட்ரிபியூட்டர், மெம்பர், அட்மின் மூவருக்கும் அது பொருந்தாது. மாடலையே திருத்தும் உரிமை உள்ளவரிடம் வரியை மறைத்துப் பயனில்லை என்பதால் மைக்ரோசாஃப்ட் அப்படி அமைத்திருக்கிறது. ஆகவே தென் கிளை மேலாளர் அடுத்த முறை ரிப்போர்ட்டைத் திறக்கும்போது ஐந்து கிளைகளின் விற்பனையும், லாப விகிதமும், மற்ற மேலாளர்களின் கமிஷனும் கண்முன்னே நிற்கும். Security பட்டியலில் அவர் பெயர் தென் கிளை விதியில் அப்படியே இருக்கிறது. விதி அழியவில்லை, யாரும் அதைத் தொடவில்லை, ஆனால் அவர்மீது அது செல்லாது.

இதற்கு எச்சரிக்கை எதுவும் வராது. ரோலை உயர்த்தும்போது "இவருக்கு இனி வரி விதி பொருந்தாது" என்று எந்தப் பெட்டியும் எழுந்து நிற்பதில்லை. பொறுப்பாளர் கவனிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அவர் அட்மின். அவருக்கு எப்போதும் ஐந்து கிளையும்தான் தெரியும். மேலாளர் தானாக முன்வந்து சொன்னால் ஒழிய, மாதக்கணக்கில் இது வெளியே தெரியாது. லைசென்ஸையும் ரோலையும் ஒன்றென்று நினைப்பதில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். அனுமதி கிடைக்காவிட்டால் ஊழியர் உடனே புகார் செய்வார். அளவுக்கு மேல் கிடைத்தால் புகார் செய்ய ஆளே இல்லை.

இதே காரியத்தைச் சரியாகச் செய்யும் வழி மிக எளிது. மேலாளரை வியூவராகவே விட்டுவிட்டு, அந்த மாடலின் Manage permissions பக்கத்தில் அவர் பெயருக்கு Build அனுமதியை மட்டும் கூட்ட வேண்டும். அப்போது அவர் அந்த மாடலை வைத்துப் புதிய ரிப்போர்ட் செய்து தன் My workspace-இல் சேமித்துக்கொள்ளலாம். வரி விதி தொடர்ந்து செல்லும். அவர் எத்தனை ரிப்போர்ட் செய்தாலும் தென் கிளை மட்டுமே வரும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. Build வைத்திருப்பவர், பழைய ரிப்போர்ட்டில் காட்டப்படாத பத்திகளையும் மாடலிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். லாப விகிதம் ரிப்போர்ட்டில் இல்லை, ஆனால் மாடலில் இருக்கிறது என்றால், தன் கிளையின் லாப விகிதம் அவருக்குத் தெரிந்துவிடும். அதையும் மறைக்க வேண்டுமானால் பத்தி அளவில் தனியாகப் பாதுகாப்பு எழுத வேண்டும். வரியை மறைப்பது ஒன்று, பத்தியை மறைப்பது இன்னொன்று.

பொறுப்பாளர் தன் கண்ணால் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. மாடலின் Security பக்கத்தில் ஒவ்வொரு விதிக்கும் Test as role என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அந்த விதிக்குள் இருப்பவர் பார்ப்பதுபோல ரிப்போர்ட் திறக்கும். ஆனால் அது விதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் காட்டும். குறிப்பிட்ட ஊழியர் வொர்க்ஸ்பேஸில் காண்ட்ரிபியூட்டராக உட்கார்ந்திருக்கிறாரா என்பதற்கு Manage access பட்டியலைத்தான் திறந்து பார்க்க வேண்டும். ஒருவர் தன் பெயரில் வியூவராகவும், தான் உறுப்பினராக உள்ள ஒரு குழுவின் வழியாகக் காண்ட்ரிபியூட்டராகவும் இருந்தால், இரண்டில் உயர்ந்ததே அவருக்குப் பொருந்தும். பட்டியலில் "தலைமை அலுவலகம்" என்று ஒரு குழுவின் பெயர் மட்டும் இருந்தால், அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்தாக வேண்டும்.

இதுவரை பார்த்தது லைசென்ஸ் இருந்து ரோல் இல்லாத கதை. எதிர்ப்பக்கமும் நடக்கும். கிடங்குப் பிரிவில் ஓர் ஊழியர். அவருக்கு நிதிப் பிரிவு வியூவர் ரோல் கொடுத்துவிட்டது, லைசென்ஸ் கேட்க யாரும் நினைக்கவில்லை. அவர் பெயரில் இருப்பது இலவச லைசென்ஸ். ரிப்போர்ட்டைத் திறக்கப் போனால் மேம்படுத்தச் சொல்லி ஒரு பெட்டி வருகிறது. அதிலேயே சோதனைக்காலப் பொத்தானும் இருக்கிறது. அழுத்துகிறார், திறந்துவிடுகிறது. 60 நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். 61-ஆம் நாள் காலை ரிப்போர்ட் திறக்காது. "நேற்றுவரை வந்தது, யாரோ என்னை நீக்கிவிட்டார்கள்" என்று நிதிப் பிரிவுக்குப் புகார் போகும். அங்கே Manage access திறந்தால் அவர் பெயர் பத்திரமாக இருக்கும். நீக்கிச் சேர்த்துப் பார்ப்பார்கள், ரோலை உயர்த்திப் பார்ப்பார்கள், எதுவும் உதவாது. முடிந்துபோனது சோதனை லைசென்ஸ்.

இந்த இரண்டு நோயையும் பிரித்தறிய ஊழியரிடம் ஒரே கேள்வி போதும்: "திரையில் என்ன வந்தது?" மேம்படுத்து, வாங்கு, சோதித்துப் பார் என்ற ரீதியில் வந்தால் லைசென்ஸ் விஷயம், கணினிப் பிரிவுக்கு அனுப்பலாம். அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம் வந்தாலோ, வொர்க்ஸ்பேஸே கண்ணில் படாவிட்டாலோ ரோல் விஷயம், வொர்க்ஸ்பேஸ் பொறுப்பாளர் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் திறந்து உள்ளே படங்கள் மட்டும் நிரம்பாவிட்டால், அந்த ரிப்போர்ட்டில் வரி விதி இருக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் Security பட்டியல். "பவர் பிஐ வரவில்லை" என்ற ஒற்றை வரி மெயிலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்ரீன்ஷாட் ஒன்று இணைத்தால் பாதி நாள் மிச்சம்.

பணக் கணக்கிலும் இந்தக் குழப்பம் புகுந்துவிடுகிறது. ரிப்போர்ட்டை எக்செல் கோப்பாக இறக்க முடியவில்லை என்று ஒரு பிரிவு புகார் செய்கிறது என்று வையுங்கள். "ப்ரோ போதவில்லை போலிருக்கிறது, அடுத்த லைசென்ஸ் வாங்குவோம்" என்று யாராவது சொல்வார்கள். அடுத்தது பிரீமியம் பெர் யூசர், பட்டியல் விலை மாதம் 24 டாலர். ஆளுக்கு 10 டாலர் கூடுதல். 12 பேர் உள்ள பிரிவுக்கு மாதம் 120 டாலர். வாங்கிய பிறகும் எக்செல் இறங்காது. ஏனென்றால் எக்செல் இறக்குவது நிறுவனம் முழுமைக்குமான நிர்வாக அமைப்பில் மூடப்பட்டிருக்கலாம், அல்லது அந்த ரிப்போர்ட்டைச் செய்தவர் அதன் அமைப்பில் தகவல் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கலாம். இரண்டையும் எந்த லைசென்ஸும் மீறாது. பிரீமியம் பெர் யூசர் தருவது வேறு: ப்ரோவில் ஒரு மாடல் 1 ஜிபி வரை இருக்கலாம், இதில் 100 ஜிபி, ப்ரோவில் நாளுக்கு 8 முறை தகவலைப் புதுப்பிக்கத் திட்டமிடலாம், இதில் 48 முறை. அவை தேவைப்படுபவருக்கு அது நல்ல பேரம். மூடிய கதவைத் திறக்க அதை வாங்குபவருக்குப் பணம் வீண்.

அதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. உயர்ந்த லைசென்ஸ் வாங்கிய ஒருவர், "வாங்கியதைப் பயன்படுத்துவோம்" என்று விற்பனை வொர்க்ஸ்பேஸையே பிரீமியம் பெர் யூசர் வகைக்கு மாற்றிவிட்டால், அதற்குள் நுழைய எல்லோருக்கும் அதே லைசென்ஸ் தேவைப்படும். ப்ரோ வைத்திருக்கும் மேலாளர்கள் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். அவர்களின் ரோல் மாறவில்லை, லைசென்ஸும் மாறவில்லை. வொர்க்ஸ்பேஸ் கேட்கும் லைசென்ஸ் மாறிவிட்டது. இதற்கு நேர்மாறான ஏற்பாடும் உண்டு. நிறுவனம் போதிய அளவு பெரிய திறனை மொத்தமாக வாங்கி வொர்க்ஸ்பேஸை அதில் வைத்தால், இலவச லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட வியூவராக இருந்தால் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் அதை F64 என்ற அளவிலிருந்து மேலே உள்ளவற்றுக்குத் தருகிறது. ஆனால் அதே ஆளைக் காண்ட்ரிபியூட்டராக உயர்த்தினால் அவருக்கு ப்ரோ வேண்டும். லைசென்ஸும் ரோலும் தனித்தனி என்றாலும், எந்த ரோலுக்கு எந்த லைசென்ஸ் என்ற கணக்கு இரண்டையும் தொட்டுக்கொண்டே இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் பார்க்க மட்டுமே செய்யும் நிறுவனங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பெரிய பதவி இருந்தால் எல்லாம் திறக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே பலிக்காது. நிறுவனத்தின் பவர் பிஐ அமைப்புகளை நிர்வகிக்கும் ஆளுக்கு ஃபேப்ரிக் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொறுப்பு தரப்படும். எக்செல் வசதியை மூடுவதும் திறப்பதும் அவர் கையில். ஆனால் அந்தப் பொறுப்பால் மட்டும் விற்பனை வொர்க்ஸ்பேஸின் ரிப்போர்ட் அவருக்குத் திறந்துவிடாது. ப்ரோ சீட்டும் அதோடு சேர்ந்து வராது. நிர்வாகப் பக்கத்திலிருந்து தன்னைத் தானே ஒரு வொர்க்ஸ்பேஸில் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு உண்டு. அப்படிச் சேர்த்துக்கொண்டால் அது பட்டியலில் பதிவாகத் தெரியும். நிர்வகிப்பதும் படிப்பதும் வேறு வேறு என்பதை இந்த மென்பொருள் இங்கே மிகத் தெளிவாக வைத்திருக்கிறது.

பவர் பிஐ-யைச் சொன்னது பலருக்கும் பழக்கமானது என்பதால். விற்பனைக் குழுக்கள் பயன்படுத்தும் சேல்ஸ்ஃபோர்ஸிலும் லைசென்ஸ் ஓர் ஊழியர் அதிகபட்சம் எங்கே வரை போகலாம் என்று எல்லை மட்டும் போடுகிறது. எல்லைக்குள் எதைத் தொடலாம் என்பதை ப்ரொஃபைல், பெர்மிஷன் செட் என்ற வேறு இரண்டு அமைப்புகள் தருகின்றன. மென்பொருள் குழுக்களின் ஜிராவில் கணக்கு இருந்தாலும், குறிப்பிட்ட ப்ராஜெக்ட்டில் அனுமதி இல்லாவிட்டால் அந்த வேலைப் பட்டியல் தெரியாது. பெயர்கள் மாறும், பூட்டுகளின் எண்ணிக்கை மாறும்.

நடைமுறையில் இதைச் சீராக்க நல்ல வழி குழுக்கள்தான். ப்ரோ லைசென்ஸுக்கு ஒரு குழு, விற்பனை வொர்க்ஸ்பேஸின் வியூவர்களுக்கு ஒரு குழு, தென் கிளை விதிக்கு ஒரு குழு. புதிய மேலாளர் வந்தால் மூன்றிலும் அவர் பெயரைச் சேர்த்தால் முதல் நாளே வேலை நடக்கும். கிளை மாறினால் மூன்றாவது குழுவை மட்டும் மாற்றினால் போதும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே குழு வைத்துக்கொள்ளும் ஆசை வரும், வைக்கக் கூடாது. ஒருவருக்கு லைசென்ஸ் தர வேண்டிய அவசரத்தில் அவருக்கு உரிமையில்லாத கணக்கும் திறந்துவிடும். விண்ணப்பப் படிவத்திலும் "பவர் பிஐ வேண்டும்" என்று ஒரு கட்டம் வைப்பதற்குப் பதிலாக, எந்த வொர்க்ஸ்பேஸ், பார்க்க மட்டுமா அல்லது செய்யவுமா, எந்தக் கிளையின் கணக்கு என்று மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும்போதும் இரண்டு வேலைகள் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. வொர்க்ஸ்பேஸிலிருந்து பெயரை எடுத்தால் லைசென்ஸ் கட்டணம் நிற்காது. அந்த சீட் அவர் பெயரிலேயே கிடக்கும், மாதாமாதம் பில் வரும். லைசென்ஸை மட்டும் எடுத்தால் ரோல் போகாது. Manage access பட்டியலில் பெயர் அப்படியே நிற்கும். அவர் நிறுவனத்துக்குள்ளேயே வேறு பிரிவுக்குப் போனவராக இருந்து, அங்கே அவருக்கு மறுபடி ப்ரோ கிடைத்தால், பழைய பிரிவின் கணக்கும் கூடவே திறந்துகொள்ளும்.

உங்கள் அலுவலகத்தில் ஒரு வொர்க்ஸ்பேஸுக்காவது நீங்கள் பொறுப்பாளர் என்றால், இந்த வாரமே அதன் Manage access பட்டியலைத் திறந்து, வியூவருக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். அவர் அங்கே எதையாவது திருத்துகிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் வியூவராக்கிவிட்டு, உண்மையிலேயே தேவைப்பட்டால் Build அனுமதியை மட்டும் கொடுங்கள்.